தகுந்த எச்சரிக்கையுடன்

அந்தக் கட்டுமானக் கம்பெனியின் சேஃப்டி ஆபீசருக்குத் தன்னைப் பற்றிப் பல சந்தேகங்கள் உண்டு. முன்னந்தலையில் மிச்சமிருக்கும் முடி எதை நம்பி நிற்கிறது, மனைவி சிரிப்பது தன் ஜோக்குக்கா தனக்கா, இப்படி. தன் எழுத்தின் மீது மட்டும் அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

அவர் எழுதியது கதையோ கவிதையோ அல்ல, இடர் மதிப்பீடு. ஒரு வேலையைத் தொடங்குமுன் அதில் என்ன ஆபத்து, யாருக்கு ஆபத்து, அதைத் தடுக்க என்ன ஏற்பாடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, உரியவர்களிடம் அனுமதி வாங்கும் காகிதக் கட்டு. படிக்க யாருமில்லாத எழுத்து என்று உலகம் நினைக்கலாம். அவர் அப்படி நினைக்கவில்லை. தான் எழுதியதைத் தானே சத்தமாகப் படித்துப் பார்ப்பார். படிக்கும்போது இடது கை தானாகத் தாளம் போடும். சைட்டில் ஆட்கள் அவரைப் ‘புலவர்’ என்றார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். ஆனால் சத்தமாகச் சொன்னார்கள்.

அவருடைய மணிமகுடம் ஒரு வாக்கியம்: ‘நிலத்தடிச் சேவைகளின் அருகில் அகழ்வுப் பணி மேற்கொள்ளப்படும்போது, தகுதி வாய்ந்த நபரின் மேற்பார்வையில், தகுந்த எச்சரிக்கையுடன் செயல்படுதல் வேண்டும்.’ மின் கேபிள், எரிவாயுக் குழாய், தண்ணீர்க் குழாய், தொலைபேசி வயர் என்று பூமிக்கு அடியில் எது ஓடினாலும் இந்த ஒரே வாக்கியம் குடை பிடிக்கும். பல வருஷமாக அதைப் பல தெருக்களுக்கு எழுதியிருக்கிறார். அந்தத் தெருக்களில் எந்த விபத்தும் நடக்கவில்லை. அதற்குக் காரணம் அதிர்ஷ்டம் என்று ஒரு சின்னக் குரல் எப்போதாவது உள்ளே முணுமுணுக்கும். அவர் அதை உட்கார வைத்துவிடுவார். வாக்கியத்தின் மீது இருந்த பாசத்தில் அதைப் பெரிய எழுத்தில் தகரப் பலகைகளிலும் எழுத வைத்திருந்தார். கூர்மையான இரும்புக் கால்கள் கொண்ட பலகைகள். எந்தத் தெருவில் வேலையோ அங்கே போய், சம்மட்டியால் தானே அடித்து நட்டுவிட்டு, இரண்டடி பின்வாங்கி நின்று படிப்பார்.

இப்போது வந்திருந்தது ஒரு குறுகலான சந்து. சாக்கடைக் குழாய் உடைந்து, சந்துக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடமாடிக்கொண்டிருந்தார்கள். புதுக் குழாய் போடக் குழி வெட்ட வேண்டும். குழியின் பாதையில் உயர் அழுத்த மின் கேபிள் ஒன்றும் எரிவாயுக் குழாய் ஒன்றும் போவதாக வரைபடம் சொன்னது. மின் நிறுவனம் அனுமதி தந்தால்தான் மண்ணைத் தொட முடியும்.

அனுப்பிய காகிதம் திரும்பி வந்தது. மின் நிறுவனத்தின் கேபிள் பிரிவு இன்ஜினியர் ஒரு பெண்மணி. அவர் அந்த மணிமகுடத்தில் மூன்று இடங்களில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். ‘அருகில்’ என்பதன் மேல் வட்டமிட்டு, எவ்வளவு? ‘தகுதி வாய்ந்த நபர்’ மேல், யார்? ‘தகுந்த எச்சரிக்கை’ மேல், என்ன செய்வீர்கள்? அவ்வளவுதான். தலைப்பும் இல்லை, வணக்கமும் இல்லை.

சேஃப்டி ஆபீசருக்குக் காது சூடாகிவிட்டது. வட்டம் போட்ட விதத்தைப் பார்த்தால், அந்த அம்மாள் தமிழைப் பழிவாங்கப் புறப்பட்டவர் மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் முழு வாக்கியத்தையும் ஏற்ற இறக்கத்தோடு படித்துக்காட்டி நியாயம் கேட்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள். இந்த மாதிரி ஒரு சீட்டை டாக்டர் எழுதிக் கொடுத்தால், மாத்திரையில் எதை எத்தனை வேளை கொடுப்பது என்று டாக்டருக்கே போன் போடுவேன் என்றாள். உனக்கு இலக்கியம் தெரியாது என்று இவர் சொன்னார். மாத்திரை தெரியும் என்று அவள் சொன்னாள்.

மறுநாள் திருத்தி அனுப்பினார். ‘தகுந்த எச்சரிக்கை’ இப்போது ‘மிகத் தகுந்த மற்றும் போதிய எச்சரிக்கை’ ஆகியிருந்தது. ‘அருகில்’ என்பது ‘மிக அருகாமையில்’ ஆனது. ‘நபர்’ என்ற இடத்தில் மட்டும் சற்று யோசித்து, ‘நபர் அல்லது நபர்கள்’ என்று போட்டார். எந்தச் சிக்கலையும் பன்மை தீர்க்கும் என்பது அவர் அனுபவம்.

அன்று சாயங்காலம் மேனேஜர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேனேஜர் எதையும் சுற்றி வளைத்துப் பேசாதவர், பேசும்போது செல்போனிலிருந்து கண்ணையும் எடுக்காதவர். வெள்ளிக்கிழமைக்குள் அனுமதி வராவிட்டால் ஆட்களும் வண்டியும் வேறு சைட்டுக்குப் போய்விடும், சந்து நாறும், கம்பெனி பெயரும் சேர்ந்து நாறும் என்றார். அப்புறம் முக்கியமானதைச் சொன்னார்: “உங்களுக்கு எழுத வரலைன்னா சொல்லுங்க. வெளியில ஒரு ஆலோசகர் இருக்கார். எழுதுறதை எல்லாம் அவர்கிட்டக் கொடுத்துட்டு உங்களை ஸ்டோர்ஸ்ல போட்டுடறேன். ஹெல்மெட் எண்ணிட்டிருக்கலாம்.”

எழுத வரலைன்னா. சேஃப்டி ஆபீசர் அந்த வார்த்தைகளை வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார். பஸ்ஸில் பக்கத்து ஆள் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னபோது, “எவ்வளவு?” என்று கேட்டுவிட்டார்.

வியாழக்கிழமை காலை இன்ஜினியர் அம்மாளே சந்துக்கு வந்துவிட்டார். காகிதத்தில் கேட்டால் பெயரடைகள்தான் கிடைக்கின்றன, நேரில் கேட்டுப் பார்க்கலாம் என்று வந்ததாகச் சொன்னார். கூடவே சொந்த ஆட்கள் இரண்டு பேரும், கேபிளைத் தேடும் கருவியும். இவர் பக்கத்தில் ஃபோர்மேனும், பொக்லைன் டிரைவரும். டிரைவரைச் சைட்டில் ‘பெரிய கை’ என்பார்கள். அவருடைய கை சின்னதுதான். மண் அள்ளும் பல் வைத்த பக்கெட்டோடு நீளும் வண்டியின் கையைத்தான் அவர் தன் கையாக நினைத்துப் பேசுவார்.

அந்த அம்மாள் ஃபோர்மேனைப் பார்த்து, இந்தக் காகிதத்தில் ‘மிக அருகாமையில்’ என்று இருக்கிறதே, அது எவ்வளவு, கையால் காட்டுங்கள் என்றார். ஃபோர்மேன் யோசித்து ஒரு சாண் காட்டினார். பெரிய கையிடம் கேட்டபோது அவர் கையையே தூக்கவில்லை.

“பக்கெட்ல டங்குனு ஒரு சத்தம் வரும் மேடம். அப்ப அருகாமைன்னு அர்த்தம்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் இறங்கிப் பாப்போம்.”

இறங்கிப் பார்க்க நீங்கள் இருப்பீர்களா என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. ‘மிக அருகாமை’ எவ்வளவு என்ற கேள்வியைச் சேஃப்டி ஆபீசரிடம் திருப்பினார். அவர் தொண்டையைக் கனைத்து, அது சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். சொல்லும்போதே, தான் இவ்வளவு நாள் ஒரு தாளை மட்டுமல்ல, ஒரு முகத்தையும் தயார் செய்து வைத்திருந்திருக்கிறோம் என்பது அவருக்கே தெரிந்தது. அழகான முகம்தான். உள்ளே ஆள் இல்லை.

சரி, தகுதி வாய்ந்த நபர் யார், அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்கள் என்றார் அம்மாள். ஃபோர்மேனின் விரல் சேஃப்டி ஆபீசரைக் காட்டியது. அதே நொடியில் சேஃப்டி ஆபீசரின் விரல் ஃபோர்மேனைக் காட்டியது. பெரிய கை தெருமுனையைக் காட்டினார். கம்பெனியின் கருவிக்காரர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். இத்தனை தெருக்களில், இத்தனை வருஷம், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று நிம்மதியாகத் தோண்டியிருக்கிறார்கள். ஃபோர்மேனின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. “சார், நீங்கதான்னு நெனச்சேன். அப்படியொரு தமிழ் எழுதுறவர் நீங்கதானே இருக்கீங்க.”

இதற்குள் அம்மாளின் ஆட்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு சந்தின் ஓரமாக நடக்க ஆரம்பித்திருந்தார்கள். வரைபடத்தில் கேபிள் சந்தின் வலது ஓரம். கருவி வலது ஓரத்தில் பேசவே இல்லை. இடது ஓரத்தில் கீச்சென்று கத்தியது. கத்தலைப் பிடித்துக்கொண்டே போனவர்கள் ஒரு தகரப் பலகையின் முன்னால் நின்றார்கள்.

பலகையில் பெரிய எழுத்தில் மணிமகுடம். முந்தின நாள்தான் சேஃப்டி ஆபீசர் வந்து, திருத்திய பதிப்புக்கு முன்னோட்டம் மாதிரி, தன் கையாலேயே அதை நட்டிருந்தார். இரும்புக் கால்கள் மண்ணுக்குள் முழங்கை ஆழம் இறங்கியிருந்தன.

அந்த அம்மாள் யாரையும் திட்டவில்லை. பலகையைத் தொடாதீர்கள், எல்லோரும் பின்னால் போங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போன் எடுத்தார். லைனை அணைக்கச் சொன்னார். அணைந்ததை இரண்டு முனையிலும் சோதித்து, எர்த் போட்ட பிறகு தகவல் சொல்லச் சொன்னார். சந்தில் மின்சாரம் போனது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வெளியே வந்து, ஏன் கரண்ட் போச்சு என்று கேட்டார். ஃபோர்மேன் ஒவ்வொருவருக்கும் பலகையைக் காட்டினார். அவர்கள் நின்று நிதானமாகப் படித்தார்கள். தன் எழுத்துக்கு இத்தனை வாசகர்கள் ஒரே நாளில் கிடைப்பது சேஃப்டி ஆபீசருக்கு இதுவே முதல் முறை.

தகவல் வந்த பிறகு அம்மாளின் ஆட்கள் பலகைக்குப் பக்கவாட்டில், மின்காப்புப் பிடி போட்ட மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைச் சுரண்டினார்கள். முதலில் மஞ்சள் பிளாஸ்டிக் நாடா வந்தது. கீழே கேபிள் இருக்கிறது என்று காட்டப் புதைக்கும் எச்சரிக்கை நாடா. பலகையின் ஒரு கால் ‘எச்சரிக்கை’ என்ற சொல்லின் நடுவே அதைக் குத்தி உள்ளே போயிருந்தது. அதற்குக் கீழே கேபிளை மூடும் சிமென்ட் பலகை. கால் அதன் மேல் போய் நின்றிருந்தது. சம்மட்டியை இன்னும் இரண்டு தடவை ஓங்கியிருந்தால் சிமென்ட் பலகை உடைந்திருக்கலாம். அவருக்கு நினைவிருந்தது: நேற்று இன்னும் அடிப்பதாகத்தான் இருந்தார். பலகை சற்றுச் சாய்வாக நிற்பது போலப் பட்டது. தோள் வலித்ததால் விட்டுவிட்டார்.

“இதை நட்டது யாரு?” என்று அம்மாள் கேட்டார்.

ஃபோர்மேன் வானத்தைப் பார்த்தார். பெரிய கை செருப்பைப் பார்த்தார்.

“நான்தான் மேடம்,” என்றார் சேஃப்டி ஆபீசர். பிறகு, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “தகுந்த எச்சரிக்கையோடதான் அடிச்சேன்,” என்று சேர்த்தார்.

அப்போதுதான் அந்த அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். சாயங்காலத்துக்குள் புதிதாக எழுதிக் கொண்டுவாருங்கள், படித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆபீஸுக்குப் போய் எழுத நேரமில்லை. டீசல் பீப்பாயின் மேல் காகிதத்தை வைத்துக்கொண்டு சேஃப்டி ஆபீசர் அங்கேயே உட்கார்ந்தார். ஃபோர்மேனையும் பெரிய கையையும் முன்னால் உட்கார வைத்தார். ஒவ்வொரு வரியையும் படிப்பேன், படித்ததும் யார் எழுந்து என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள், சொல்லத் தெரியவில்லையென்றால் வரியைக் கிழித்துவிடுகிறேன் என்றார். முதல் அரை மணி நேரத்தில் கிழித்தது ஒரு குப்பைக்கூடை அளவு இருக்கும்.

பிறகு வரிகள் மெல்ல வந்தன. வரைபடக் கோடு உத்தேசம், அதை நம்பித் தோண்டக் கூடாது. தோண்டும் நாளன்று காலை கருவிக்காரர் சந்து முழுக்கக் கருவி வைத்துப் பார்த்துத் தரையில் பெயின்ட் அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயைக் கருவி காட்டாது, அதனால் பெயின்ட் இல்லாத இடம் காலி என்று எண்ணக் கூடாது. கேபிளையும் குழாயையும் கையால் தோண்டிக் கண்ணால் பார்க்கும்வரை பொக்லைன் தோண்டக் கூடாது. பார்த்த பிறகும் இரு பக்கமும் அரை மீட்டருக்குள் பக்கெட் வரக் கூடாது. அந்த அரை மீட்டரில் காப்புப் பிடி போட்ட மண்வெட்டி மட்டும். கடப்பாரையும் பிக்காசும் கூடாது. கண்ணில் படும் எந்தக் கேபிளிலும் கரண்ட் ஓடுகிறது என்றே நினைக்க வேண்டும். கடைசியாகப் பெரிய கை ஒரு வரி சொல்ல, சேஃப்டி ஆபீசர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: கம்பி, வேலிக்கால், அறிவிப்புப் பலகை எதை மண்ணில் அடித்தாலும் அதுவும் தோண்டல்தான்.

பெரிய கைக்கு ஒரே குறை. “அப்ப நான் எதுக்கு சார் வரணும்? வண்டியில உக்காந்து இவங்க மண்வெட்டி போடுறதைப் பாத்துக்கிட்டு இருக்கவா?”

“ஆமா,” என்று ஃபோர்மேன் சந்தோஷமாகச் சொன்னார்.

ஓர் இடத்தில் மட்டும் பேனா நின்றது. வரைபடத்தில் இருப்பது கிடைக்காவிட்டால், அல்லது இல்லாதது ஏதாவது தட்டுப்பட்டால், வேலையை நிறுத்தி, அதன் சொந்தக்காரரை அழைக்க வேண்டும். சரி, நிறுத்துவது யார்? ‘நிறுத்தப்படும்’ என்று எழுதக் கை துடித்தது. எத்தனையோ ‘படும்’ எழுதிய கை. அத்தனை ‘படும்’களிலும் ஒரு மனுஷனும் இல்லை. ஃபோர்மேன் அவரைப் பார்த்தார். பெரிய கையும் பார்த்தார். அவர் எழுதினார்: பக்கெட் பல் தெரியும் இடத்தில் சேஃப்டி ஆபீசர் நிற்க வேண்டும். அவர் கை தூக்கினால் எந்திரம் நிற்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் எந்திரம் ஓடக் கூடாது. எழுதிவிட்டுச் சத்தமாகப் படித்துப் பார்த்தார். தாளமே வரவில்லை. இடது கை சும்மா இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அனுமதி வந்தது. மேனேஜர் ஒரு கட்டை விரல் படம் அனுப்பினார். ஸ்டோர்ஸ் கண்டம் தாண்டியாயிற்று என்று சேஃப்டி ஆபீசர் நினைத்தார். மதியம் வரைதான் அந்த நினைப்பு.

கேபிளைக் கையால் தோண்டிப் பார்த்தாயிற்று, ஒழுங்காக இருந்தது. அடுத்து எரிவாயுக் குழாய். வரைபடம் காட்டிய இடத்தில் ஒரு குழி வெட்டினார்கள். இல்லை. பக்கத்தில் இன்னொன்று. அதிலும் இல்லை. சந்துக்காரர்கள் வாசலில் நின்று, நல்ல சேதியாக இருக்குமோ என்று பார்த்தார்கள். ஃபோர்மேன் அது நல்ல சேதிதான் என்றார். குழாய் இல்லையென்றால் வெடிக்க என்ன இருக்கிறது, வண்டியை இறக்கினால் இருட்டுவதற்குள் முடித்துவிடலாம்.

சேஃப்டி ஆபீசர் காகிதத்தைப் பார்த்தார். அங்கே இருந்த வரி அவரையே பார்த்தது. பழைய வாக்கியமாக இருந்தால் எவ்வளவு வசதி. பழைய, தளர்ந்த பைஜாமா மாதிரி அது எப்படி உட்கார்ந்தாலும் இடம் கொடுக்கும். தோண்டு என்றாலும் தகுந்த எச்சரிக்கை, தோண்டாதே என்றாலும் தகுந்த எச்சரிக்கை. வெடித்தால்கூட, எச்சரிக்கை தகுந்ததாக இல்லை என்று வேறு யாரையாவது கைகாட்டலாம். நேற்று எழுதிய இந்தப் புதுசு இடுப்பைப் பிடித்தது.

கையைத் தூக்கினார். பெரிய கை எஞ்சினை அணைத்தார். எரிவாயுக் கம்பெனிக்குப் போன் போட்டார். நாளைக் காலைதான் ஆள் வருவார் என்று பதில் வந்தது. அதற்கடுத்த போன் மேனேஜருடையது.

மேனேஜர் தன் வழக்கப்படி நேராகவே பேசினார். இல்லாத குழாய்க்காக ஆட்களை உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாது என்றார். வண்டி நாளை வேறு சைட்டுக்குப் போக வேண்டும் என்றார். எழுதினால் எழுதியதுதானா, கொஞ்சம் வளைத்துக்கொள்ளக் கூடாதா என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார். “இப்ப வண்டி ஓடலைன்னா திங்கக்கிழமை நீங்க ஸ்டோர்ஸ்ல இருப்பீங்க. புரியுதா?”

“புரியுது சார்,” என்றார் சேஃப்டி ஆபீசர். எத்தனையோ கூட்டங்களில் ‘பாதுகாப்பில் சமரசம் இல்லை’ என்று மைக் பிடித்து முழங்கியவர், இப்போது ஒரு கெஞ்சலைத்தான் உள்ளே தேடினார். அதுவும் உருப்படியாகக் கிடைக்கவில்லை. “ஆனா இதை நான்தான் எழுதினேன் சார். கிடைக்கலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்லை. குழாய் எங்கே இருக்குன்னு நமக்குத் தெரியலை, அவ்வளவுதான் அர்த்தம்.”

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. சேஃப்டி ஆபீசர் பீப்பாயின் மேல் உட்கார்ந்தார். ஃபோர்மேன் ஒரு டீ வாங்கி வந்து கையில் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை எரிவாயுக் கம்பெனி ஆள் வந்து, தன் செல்போனில் ஒரு புது வரைபடத்தை விரித்தார். பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டார்களாம். போடும்போது ஒரு மேன்ஹோல் குறுக்கே வந்ததால் சந்தின் நடுப்பக்கமாக ஒதுக்கினார்களாம். பழைய வரைபடத்தைத் திருத்த மறந்துவிட்டார்களாம். அவர் சொன்ன இடத்தில் கையால் தோண்டினார்கள். மஞ்சள் நிறத்தில், சேஃப்டி ஆபீசர் எதிர்பார்த்ததைவிட மேலாக, குழாய் படுத்திருந்தது. அது சாக்கடைக் குழியின் நேர் பாதை. பெரிய கை குனிந்து அதைப் பார்த்தார். பிறகு தன் வண்டியின் பக்கெட்டைப் பார்த்தார். டங்குனு கூடச் சத்தம் வராது, பிளாஸ்டிக் என்று மெதுவாகச் சொன்னார்.

ஃபோர்மேன் அதைப் படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்பினார். பிறகு சேஃப்டி ஆபீசரின் போன் ஒலித்தது. மன்னிப்பு வரும் என்று அவர் காத்திருந்தார், அதற்கு அடக்கமாக ஒரு பதிலும் தயார் செய்திருந்தார். மேனேஜர் அந்தப் பக்கமே போகவில்லை. ஸ்டோர்ஸை விடுங்கள், வண்டியும் இன்று அங்கேயே இருக்கட்டும், எழுதுவது நீங்களே எழுதுங்கள் என்றார். மின் நிறுவனத்து அம்மாள் இந்த வாசகத்தையே இனி எல்லாத் தெருவுக்கும் வைக்கச் சொல்லிவிட்டாராம். கையில் அடுத்து இருக்கும் தெருக்களை வரிசையாகச் சொன்னார். நீளமான வரிசை. “நீங்கதானே எழுதியிருக்கீங்க, சேஃப்டி ஆபீசர் நிக்காம வண்டி ஓடாதுன்னு. போய் நில்லுங்க.”

சேஃப்டி ஆபீசர் போனை வைத்தார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, காகிதத்தை விரித்து, ‘சேஃப்டி ஆபீசர்’ என்ற இடத்துக்குப் பக்கத்தில் பேனா முனையை வைத்தார். ‘அல்லது அவரால் நியமிக்கப்படும் நபர்’ என்று சேர்த்தால் போதும். நான்கே வார்த்தைகள். என்ன ஓசை, என்ன நிழல்.

“சார்,” என்று ஃபோர்மேன் கூப்பிட்டார். வண்டி எஞ்சின் போட்டாயிற்று, குழாயைத் தாண்டி அரை மீட்டர் அளந்து பெயின்ட் அடித்தாயிற்று, ஆள்தான் இன்னும் வரவில்லை. பெரிய கை கண்ணாடி வழியாக, பேனா பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேஃப்டி ஆபீசர் எதையும் எழுதாமல் பேனாவை மூடினார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தலைக்கு மேல் ஏறிவிட்ட வெயிலில், பக்கெட் பல் தெரியும் இடமாகப் பார்த்துப் போய் நின்றார்.